எந்த பில்லுக்கு வந்த பணம்?

திருப்பூரில் நூல் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; அந்த ஊரில் இப்படிப்பட்ட கடைகள் ஏராளம். பின்னலாடைத் துணி ஓட்டும் ஒரு நிட்டிங் யூனிட் அதன் வாடிக்கையாளர். முப்பது நாள் கடன். ஏப்ரல் 5 அன்று 112ஆம் எண் பில், 84,000 ரூபாய். ஏப்ரல் 19 அன்று 127ஆம் எண் பில், 1,26,000. மே 3 அன்று 140ஆம் எண் பில், 63,000. மூன்றும் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்த தொகைகள். மொத்த பாக்கி 2,73,000 ரூபாய்.

மே 24 அன்று வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் வந்து விழுகிறது. மூன்று பில்களில் எதன் தொகையோடும் அது பொருந்தவில்லை. கணக்கு எழுதுபவர் வங்கிக் கணக்கில் பற்று, பார்ட்டி கணக்கில் வரவு என்று ஒரு லட்சத்தைப் பதிகிறார். பாக்கி 1,73,000 ஆகிறது. கூட்டிப் பார்த்தால் சரி. இருப்புச் சோதனை போட்டால் சரி. வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டாலும் சரி.

ஆனால் கணக்கு இன்னும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு லட்சம் எந்த பில்லுக்கு என்ற கேள்விக்குப் பேரேட்டில் பதில் இல்லை. இந்த விஷயத்தில் சிக்கலே இதுதான்: பணத்தைத் தவறான பில்லில் கழித்தாலும் மொத்தத் தொகை ஒரு பைசாகூட மாறாது. மற்ற பிழைகள் கூட்டல் பொருந்தாமல் தாமாகவே வெளியே வரும். இந்தப் பிழை வராது. வாடிக்கையாளரோடு வாய்த்தகராறு ஆகும்போதோ, ஆடிட்டர் கேட்கும்போதோ, பில் வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போதோதான் தெரியும்.

பெரும்பாலான கடைகளில் கைப்பழக்கம் ஒன்று உண்டு. பணம் வந்தால் பழைய பில்லில் இருந்து கழித்துக்கொண்டே வருவது. அதன்படி, ஒரு லட்சத்தில் 84,000 ரூபாய் 112ஆம் பில்லை முடித்துவிடும். மீதி 16,000 ரூபாய் 127க்குப் போகும். பார்வைக்கு நியாயமான முறை. பல நேரங்களில் சரியான முறையும்கூட. இந்தக் கதையில் அது தவறு.

காரணம் 112ஆம் பில்லில் போன நூல். அதில் இரண்டு லாட் கலந்துவிட்டது. லாட் மாறிய நூலை ஒரே துணியில் ஓட்டினால் ஓட்டும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டு வந்த பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். நிட்டிங் யூனிட்காரர் அதைப் புகாராகச் சொல்லி, 112ஐ மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார். ஒரு லட்சத்தை அனுப்பிய அன்றே கடை முதலாளியின் வாட்ஸ்அப்பில் “127க்கு ஒரு லட்சம் போட்டிருக்கோமுங்க, 112 பேசி முடிச்சுக்கலாம்” என்று ஒரு வரியும் போட்டிருக்கிறார். அந்த வரி முதலாளியின் கைப்பேசியிலேயே தங்கிவிட்டது. கணக்கு எழுதுபவரின் மேசைக்கு வரவில்லை.

சரியாக எழுதினால் மே 24 அன்று நிலைமை இப்படி இருக்க வேண்டும்: 112 முழுசாக 84,000 நிற்கிறது, கெடு மே 5ஆம் தேதியே முடிந்துவிட்டது, 127இல் 26,000 பாக்கி, 140 கெடுவே வராமல் 63,000. இந்தப் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் 112இல் ஏதோ தகராறு இருக்கிறது என்று உடனே புரியும். பழைய பில்லில் இருந்து கழித்த கணக்கிலோ 112 தீர்ந்துபோன பில். அந்தத் தகராறு கணக்கில் இருந்தே மறைந்துவிட்டது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால், வந்த பணத்தை எதில் வரவு வைப்பது என்பது வெறும் அலுவலக வழக்கம் அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. முதல் உரிமை பணம் கொடுப்பவருக்கு. பல கடன்கள் இருக்கும்போது, இந்தக் கடனுக்குத்தான் இந்தப் பணம் என்று அவர் சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் அதில்தான் வரவு வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை அதைக் காட்டினால் போதும். சட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டிருக்கிறது: பல கடன்களில் 567 ரூபாய் ஒன்று, கடன் கொடுத்தவர் அந்தத் தொகையைக் கேட்டு எழுதுகிறார், கடன்காரர் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார். அது அந்தக் கடனுக்குத்தான்.

கொடுப்பவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால் உரிமை வாங்குபவரிடம் வருகிறது. கெடு வந்து நிற்கும் எந்த நியாயமான கடனிலும் அவர் தன் விருப்பப்படி வரவு வைக்கலாம். வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிப்போன பழைய கடனில்கூட வைக்கலாம். நம் கதையில் மே 24 அன்று 140ஆம் பில்லுக்குக் கெடு வரவில்லை என்பதால் அந்த விருப்பத்துக்குள் 140 வராது. இருவருமே எதையும் தீர்மானிக்காதபோதுதான் மூன்றாவது விதி: கால வரிசைப்படி பழைய கடன் முதலில் தீரும், ஒரே நேரத்துக் கடன்கள் என்றால் விகிதப்படி பிரியும்.

ஆக, பழைய பில்லில் இருந்து கழிப்பது சட்டத்தில் கடைசி வழி. நம் அலுவலகங்களில் அதுவே முதல் வழியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஒரு வரி, 59ஆம் பிரிவு சொல்கிற தெளிவான அறிவிப்பு. அதை மீறி 112ஐத் தீர்த்துவிட்டதாகக் கடைக்காரர் எழுதிக்கொண்டால், பிறகு தகராறு முற்றும்போது அந்தப் பேரேடு அவருக்கே எதிராகப் பேசும்.

இனி எழுதும் முறை. தமிழ்நாட்டுச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் கணக்கு டேலியில் ஓடுகிறது என்பதால் அதையே வைத்துப் பார்க்கலாம். மற்ற மென்பொருள்களிலும் பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். முதலில் நிறுவன அமைப்பில் `Enable Bill-wise entry` என்பதும், பார்ட்டியின் லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பதும் `Yes` ஆக இருக்க வேண்டும். லெட்ஜரில் இது `No` என்று இருந்தால் மென்பொருள் பில் எண்ணையே கேட்காது. மொத்தப் பாக்கியை மட்டும் வைத்துக்கொள்ளும். பல இடங்களில் கோளாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டும் சரியாக இருந்தால், பணம் வந்ததைப் பதிய F6 அழுத்தி ரசீது வவுச்சர் திறந்து, பார்ட்டியையும் தொகையையும் கொடுத்ததும் `Bill-wise Details` என்ற சிறு திரை வரும். அது கேட்பது `Type of Ref`. நான்கு பதில்கள் உண்டு. `New Ref` என்பது புதிய பில். `Agst Ref` என்பது ஏற்கெனவே நிற்கும் ஒரு பில்லுக்கு எதிராகக் கழிப்பது. `Advance` என்பது பில்லே போடாத நிலையில் வந்த முன்பணம். `On Account` என்பது எதற்கு என்று தெரியாமல் பொதுவாக வரவு வைப்பது.

மே 24இன் ஒரு லட்சத்துக்கு `Agst Ref` தேர்ந்தெடுத்தால் நிற்கும் பில்களின் பட்டியல் வரும். அதில் 127ஐத் தொட்டு, 1,00,000 என்று கொடுத்தால் வேலை முடிந்தது. 127இல் 26,000 மட்டும் நிற்கும். பகுதிப் பணம் என்பதற்குத் தனியாக எந்த வித்தையும் இல்லை. பில் தொகையைவிடக் குறைவாகக் கழித்தால் மீதி தானே நிற்கும். விவரக் குறிப்பில் “127க்கு, பார்ட்டி மே 24 வாட்ஸ்அப்படி” என்று ஒரு வரி சேர்ப்பது மட்டும் மனிதர் செய்ய வேண்டியது. ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவை யார் திறந்தாலும், ஏன் 112ஐத் தாண்டி 127க்குப் போனது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

`On Account` பற்றி ஒரு வார்த்தை. அது கெட்ட பழக்கம் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை யாரிடமிருந்தோ ஒரு தொகை வருகிறது, பார்ட்டி போனை எடுக்கவில்லை, அன்றைய வரவைப் பதிந்தாக வேண்டும் என்றால் அதுதான் சரியான இடம். திங்கட்கிழமை விவரம் தெரிந்ததும் அதை உரிய பில்லுக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒரு பக்கம் பில்கள் முழுத் தொகையோடு நிற்கும், மறுபக்கம் பொதுவரவு குவிந்துகொண்டே போகும். இரண்டு வருடம் இப்படி ஓடிய ஒரு பார்ட்டி கணக்கைப் பிரிக்க உட்கார்ந்தால், அந்த வேலைக்கு ஒரு நாள் போதாது.

அடுத்து மே 28. நிட்டிங் யூனிட் புதிதாக ஒரு ஆர்டர் கொடுக்கிறது. அதற்கு முன்பணமாக 50,000 ரூபாய் அனுப்புகிறது. நூல் இன்னும் மில்லில் இருந்தே வரவில்லை. பில் போட ஜூன் 12 ஆகும்.

இந்த ஐம்பதாயிரம் எப்படிப்பட்ட பணம்? கடைக்காரருக்கு வர வேண்டிய பணம் அல்ல. அவர் கொடுக்க வேண்டிய பொருளுக்காக முன்கூட்டியே வாங்கிய பணம். ஆர்டர் ரத்தானால் திருப்பித் தர வேண்டும். எனவே நூல் போகும்வரை அது வருமானம் அல்ல, பொறுப்பு. விற்பனைக் கணக்கில் வரவு வைத்தால் விற்காத சரக்குக்கு விற்பனை காட்டியதாகும். பழைய பாக்கியில் கழித்தால், பார்ட்டி புதுச் சரக்குக்குக் கொடுத்த பணத்தைப் பழைய கடனுக்கு எடுத்துக்கொண்டதாகும். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. “எப்படியும் நமக்குத் தர வேண்டியவர்தானே” என்ற எண்ணம் அதற்குக் காரணம்.

சரியான பதிவில், ரசீது வவுச்சரில் `Type of Ref` இடத்தில் `Advance` என்று கொடுத்து, பெயராக ஆர்டர் எண்ணை வைக்க வேண்டும். வெறும் ‘அட்வான்ஸ்’ என்று பெயர் வைத்தால் அடுத்த மாதம் இன்னொரு அட்வான்ஸ் வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். ஆர்டர் எண் இருந்தால் எந்தச் சரக்குக்கான பணம் என்பது பெயரிலேயே நிற்கும்.

ஜூன் 12 அன்று சரக்குப் போகிறது. 158ஆம் எண் பில், 1,05,000 ரூபாய். இப்போது முன்பணத்தை இந்த பில்லோடு சேர்க்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. விற்பனை வவுச்சரிலேயே 50,000க்கு `Agst Ref` என்று முன்பணத்தைக் காட்டி, மீதி 55,000க்கு மட்டும் 158 என்ற புதிய குறிப்பைத் தொடங்கலாம். வேகமான வழி. ஆனால் பாக்கிப் பட்டியலில் 158 என்பது 55,000 ரூபாய் பில் போலத் தோன்றும். கையில் இருக்கும் காகித பில்லில் 1,05,000 என்று இருக்கும். இரண்டையும் ஒப்பிடும் புதியவர் குழம்புவார்.

இன்னொரு வழி, 158ஐ முழுத் தொகையோடு தொடங்கிவிட்டு, பிறகு F7 ஜர்னல் வவுச்சரில் அதே பார்ட்டியை இரண்டு பக்கமும் வைப்பது: பற்றுப் பக்கத்தில் ஆர்டர் எண் முன்பணத்துக்கு எதிராக 50,000; வரவுப் பக்கத்தில் 158க்கு எதிராக 50,000. பார்ட்டியின் மொத்தப் பாக்கி இதனால் மாறாது. முன்பணக் குறிப்பு பூஜ்யமாகும். 158இல் 1,05,000 போய் 50,000 கழிந்து 55,000 நிற்பது படிப்படியாகத் தெரியும். ஒரு வவுச்சர் கூடுதல் வேலைதான். என்றாலும் இந்த வழியே மேல். எந்தத் தேதியில், எந்த முன்பணம், எந்த பில்லில் சேர்ந்தது என்பதற்கு ஒரு தனித் தடயம் இருக்கிறது.

இடையில் ஜூன் 2 அன்று பார்ட்டி 26,000 ரூபாய் அனுப்பினார். இந்த முறை எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் 127இல் நிற்பது சரியாக 26,000. சட்டத்தின் 567 ரூபாய் எடுத்துக்காட்டு நினைவிருக்கும். தொகையே பேசுகிறது, இது 127க்குத்தான்.

ஜூன் 20 அன்று 112இன் தகராறு பேசி முடிந்தது. லாட் கலந்ததற்காக 10,000 ரூபாய் தள்ளுபடி, அதற்கான வரி 500, ஆக 10,500 ரூபாய்க்குக் கிரெடிட் நோட். மீதி 73,500ஐப் பார்ட்டி அன்றே கொடுத்துவிட்டார். ஜி.எஸ்.டி. சட்டப்படி கிரெடிட் நோட் என்பது அந்தரத்தில் நிற்கும் காகிதம் அல்ல. ஏற்கெனவே போட்ட விற்பனை பில்லைச் சார்ந்தது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் கணக்கில் காட்டினால்தான் வரி குறையும். எனவே இந்தக் கிரெடிட் நோட்டும் `Agst Ref` 112 என்றே பதிய வேண்டும். 84,000இல் 10,500 கிரெடிட் நோட்டாகவும், 73,500 பணமாகவும் கழிந்து 112 தீர்ந்தது.

ஜூன் 25 அன்று எடுத்துப் பார்த்தால் கணக்கு மிகச் சுருக்கம். 140இல் 63,000, கெடு தாண்டி 23 நாள். 158இல் 55,000, கெடு வர இன்னும் நாள் இருக்கிறது. மொத்தம் 1,18,000 ரூபாய்.

இதே பணம் எல்லாவற்றையும் பழைய பில்லில் இருந்து கழித்துக்கொண்டே வந்த கணக்கில் என்ன ஆகியிருக்கும்? ஒரு லட்சம் 112ஐ முடித்து, 127ஐ 1,10,000 ஆக்கியது. முன்பணம் 50,000மும் 127இல் போய் அதை 60,000 ஆக்கியது. ஜூன் 2இன் 26,000 அதை 34,000 ஆக்கியது. 73,500 ரூபாயில் 34,000 அதைத் தீர்த்தது. மீதி 39,500 ரூபாய் 140இல் கழிந்து அங்கே 23,500 நின்றது. 158இல் 1,05,000 முழுசாக நிற்கிறது. கிரெடிட் நோட்டின் 10,500க்கு உட்கார இடமே இல்லை; 112 தீர்ந்துபோனதால் அது எதிர்மறைத் தொகையாகத் தொங்குகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 23,500 கூட்டல் 1,05,000 கழித்தல் 10,500.

அதுவும் 1,18,000தான்.

மொத்தம் ஒன்றே. சொல்லும் சேதி வேறு. சரியான கணக்கு, கெடு தாண்டிய பணம் 63,000 என்கிறது. தவறான கணக்கு 23,500 என்கிறது. முதலாளி அதைப் பார்த்து, பெரிய பாக்கி ஒன்றும் இல்லை என்று மேலும் கடனுக்குச் சரக்கு அனுப்புவார். ஜூலை 12இல் 158க்குக் கெடு வந்ததும் வசூல் பார்ப்பவர் போன் போடுவார். “158க்கு ஒரு லட்சத்து அஞ்சாயிரம் நிக்குதுங்களே” என்பார். “அதுக்குத்தானுங்க மே மாசமே அம்பதாயிரம் போட்டது, பாக்கலீங்களா?” என்று பதில் வரும். பார்ட்டி சொல்வது சரி. கடையின் கணக்கு அதை மறுக்கும். 140ஐப் பற்றி இருவரும் பேசவே மாட்டார்கள்.

வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கியிருந்தால் இது இன்னும் தூரம் போகும். மாதாமாதம் கொடுக்கும் கடனாளிப் பட்டியலில் எந்த பாக்கி எத்தனை நாள் பழசு என்று பிரித்துக் காட்ட வேண்டும். பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கிக்கு வங்கி கடன் வரம்பு தருவதில்லை. தவறான பில்லில் கழித்த பட்டியல், பழைய பாக்கியைப் புதியதாகக் காட்டும். சில நேரம் தலைகீழாகவும் காட்டும்.

வாங்குபவர் பக்கத்திலும் இதே கணக்கு உண்டு. நிட்டிங் யூனிட்காரர் 112ஆம் பில்லில் உள்ள 4,000 ரூபாய் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பார். பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. ஏப்ரல் 5 பில்லுக்கு அந்த 180ஆவது நாள் அக்டோபர் 2. தகராறு அதுவரை இழுத்திருந்தால் என்னாகும்? கொடுத்த ஒரு லட்சம் 127க்கு என்று அவர் புத்தகம் சொல்கிறது. 112க்கு என்று கடைப் புத்தகம் சொல்கிறது. அதிகாரி இரண்டு பக்கத்துப் பேரேட்டையும் கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

முன்பணத்தில் வரி எப்போது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு விற்பனையில், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வியாபாரி வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கிய அன்றே ஜி.எஸ்.டி. இல்லை. 2017 நவம்பர் 15இல் வந்த அறிவிப்பு அதை நீக்கியது. பில் போடும்போது வரி கட்டினால் போதும். நம் கடைக்காரர் அந்த 50,000க்கு மே மாதம் வரி கட்ட வேண்டியதில்லை.

சேவைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஒரு கல்யாண மண்டபம் ஆவணியில் நடக்கும் கல்யாணத்துக்குச் சித்திரையிலேயே 59,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினால், 18 சதவீத வரி அதற்குள்ளேயே இருப்பதாகக் கொண்டு, 50,000 வாடகை, 9,000 வரி என்று பிரித்து, வாங்கிய மாதத்திலேயே வரி கட்ட வேண்டும். அதற்கென ஒரு ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். GSTR-1 படிவத்தில் 11A அட்டவணையில் அந்த முன்பணம் போகும். பிறகு கல்யாணம் முடிந்து முழு பில் போடும் மாதத்தில் 11B அட்டவணையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கல்யாணம் நின்றுபோய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ரீஃபண்ட் வவுச்சர். இந்த அட்வான்ஸை `On Account` என்று போட்டுவிட்டால், வரி கட்ட வேண்டிய பணம் அது என்பதே மாதக் கடைசியில் யாருக்கும் தெரியாது.

குறைவாக வரும் பணம் எல்லாம் பகுதிப் பணம் அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. கூலி வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பங்குதாரர் நிறுவனம் வரி நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய்க்குக் கூலி பில் போடுகிறது; பணம் தரும் கம்பெனி இரண்டு சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, 2,000 ரூபாய் குறைத்து அனுப்புகிறது. அந்த 2,000 பாக்கி அல்ல. வருமான வரித்துறையில் இந்த நிறுவனத்தின் பெயரில் வரவாகிவிட்ட பணம். ஜர்னலில் டி.டி.எஸ். வர வேண்டிய கணக்கில் பற்று, பார்ட்டியில் அதே பில்லுக்கு எதிராக வரவு என்று எழுதினால் பில் தீரும். எழுதாவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு வால் நிற்கும். பாக்கிப் பட்டியலில் 2,000, 1,480, 3,200 என்று வரிசையாகச் சில்லறைப் பாக்கிகள் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி.டி.எஸ்.ஸைத்தான்.

பிழையைக் கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. டேலியில் `Display More Reports`, `Statements of Accounts`, `Outstandings` என்று போய்ப் பார்ட்டி வாரியாகத் திறந்தால் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக வரும். கீழே `On Account` என்று பெரிய தொகை நின்றால் யாரோ பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு பில் எதிர்ப்பக்கத்தில் நின்றால் அதிகமாகக் கழித்திருக்கிறார்கள், அல்லது கிரெடிட் நோட்டுக்கு முன்பே பில்லைத் தீர்த்திருக்கிறார்கள். முன்பணம் ஒன்று பல மாதமாக அசையாமல் இருந்து, அதே பார்ட்டிக்குப் புது பில்களும் நின்றால், சேர்க்க மறந்திருக்கிறார்கள். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது: எல்லாப் பார்ட்டிகளிலும் பழைய பில்கள் எப்போதும் வரிசையாகத் தீர்ந்துகொண்டே வந்து, நடுவில் நிற்கும் பில் என்று ஒன்றுகூட இல்லாவிட்டால், யாரும் எதைக் கேட்டும் எழுதவில்லை என்று அர்த்தம். உண்மையான வியாபாரத்தில் அங்கங்கே ஒரு பில் தகராறில் நிற்காமல் இருக்காது.

இதற்கெல்லாம் நல்ல மருந்து, மாதம் ஒரு முறை பார்ட்டிக்குப் பாக்கி அனுப்பும் முறையை மாற்றுவது. “உங்கள் பாக்கி 1,18,000” என்று ஒரு தொகையை மட்டும் அனுப்பினால், தவறான கணக்குக்கும் பார்ட்டி சரி என்றே பதில் சொல்வார். அவர் புத்தகத்திலும் 1,18,000தான். “140இல் 63,000, 158இல் 55,000” என்று பில் வாரியாக அனுப்பினால் வேற்றுமை அன்றே தெரிந்துவிடும். மூன்று வருடக் காலக்கெடு விஷயத்திலும் இது உதவும். விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம். அந்த அவகாசத்துக்குள் கடன்காரர் ஒரு பகுதியைக் கொடுத்து, அது அவர் கையெழுத்திலோ கையொப்பத்தோடோ பதிவாகியிருந்தால் காலம் புதிதாகத் தொடங்கும். எந்த பில்லுக்குக் கொடுத்தார் என்றே தெரியாத பணத்தை வைத்து, எந்த பில்லின் காலம் நீண்டது என்று வாதாடுவது கடினம்.

ஏற்கெனவே தவறாகக் கழித்தவற்றை எப்படித் திருத்துவது? அதே மாதம், ரிட்டர்ன் எதுவும் பாதிக்கப்படவில்லை என்றால், பழைய ரசீதைத் திறந்து பில் எண்ணை மாற்றிவிடலாம். ஆண்டு முடிந்து தணிக்கையும் முடிந்திருந்தால் பழைய பதிவைத் தொடக்கூடாது. கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் மாற்றியது எப்படியும் தெரியும். அங்கே முன்பணத்துக்குச் சொன்ன அதே ஜர்னல் வழிதான்: பார்ட்டி இரண்டு பக்கமும், ஒரு பக்கம் தவறாகக் கழிந்த பில், மறுபக்கம் கழிந்திருக்க வேண்டிய பில், காரணத்தோடு.

காசோலை திரும்பி வந்தாலும் இதே கவனம் வேண்டும். 127க்கு என்று வரவு வைத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், பார்ட்டி கணக்கில் பொதுவாகப் பற்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 127 என்ற அதே எண்ணில், அதன் பழைய தேதியிலிருந்தே நாள் எண்ணப்படும்படி பாக்கியை மீண்டும் நிறுத்த வேண்டும். காசோலை திரும்பிய தேதியில் புதிய குறிப்பாக எழுதினால், இரண்டு மாதப் பாக்கி பட்டியலில் நேற்று விற்ற சரக்குப் போல உட்கார்ந்துவிடும். வங்கி பிடித்த கட்டணத்தைப் பார்ட்டியிடம் வசூலிப்பதாக இருந்தால், அதை 127இல் சேர்க்காமல் தனிக் குறிப்பாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ட்டி 127இன் சரியான தொகையைக் கொண்டுவந்து கொடுத்த பிறகும் அந்த பில் ஒரு சில நூறு ரூபாயோடு தீராமல் நிற்கும்.